வேகம் இருந்தும் குரல் தாமதிப்பது ஏன்?

இணைய வகுப்பில் பதில் சொல்கிறீர்கள். அதே நேரம் அக்கா ஒரு காணொளியைப் பதிவேற்றுகிறார். உங்கள் குரல் ஆசிரியருக்குத் தாமதமாகப் போய்ச் சேர்கிறது.

உடனே அனுப்ப முடியாத தரவை மோடம் தன் நினைவகத்தில் வரிசையாகத் தேக்கி வைக்கும். பதிவேற்ற வேகம் விநாடிக்கு 20 மெகாபிட் என்போம். அக்காவின் தரவு 20 மெகாபிட் முன்னால் நின்றால், உங்கள் குரல் ஒரு முழு விநாடி காத்திருக்க வேண்டும். இதுதான் ‘பஃபர்புளோட்’.

ரவுட்டர் அமைப்பில் SQM இருக்கிறதா என்று பாருங்கள் (எல்லா ரவுட்டரிலும் இராது). அதில் பதிவேற்ற வேகத்தை 18 மெகாபிட் எனக் குறைத்தால், வரிசை ரவுட்டரிலேயே நிற்கும். அங்கே fq_codel உங்கள் குரலுக்குத் தனி வரிசை தரும். அக்காவின் பதிவேற்றம் சற்றே மெதுவாகும். வைஃபை சிக்னல் பலவீனமாக இருந்தால் இது உதவாது.