பொங்கல் விடுப்பு: டிக்கெட்டுக்கு முன்பே முடிவு

ஜனவரி 13-ல் ஊருக்குக் கிளம்ப வேண்டுமென்றால், ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே, நவம்பர் 14 அன்று திறந்துவிடும். டிக்கெட் எடுத்தபின் விடுப்பு கேட்டால் தகராறுதான். அதனால் எங்கள் எட்டுப் பேர் குழுவில் பெயர் கொடுக்கக் கடைசி நாள் நவம்பர் 5. ஐந்து பேர் போகலாம், மூவர் இருக்க வேண்டும். தீபாவளிக்கு வேலை பார்த்தவர்களுக்கே முதல் உரிமை. மிச்ச இடத்துக்குச் சீட்டுக் குலுக்கல். முதலில் கேட்டவருக்கே விடுப்பு என்பது நியாயமில்லை. இரவு ஷிப்டில் இருப்பவர் எப்போதும் பிந்திவிடுவார்.

நவம்பர் 10-க்குள் ஒவ்வொருவருக்கும் தேதிகளோடு மின்னஞ்சல் போய்விடும். போன வருடம் "பார்த்துக்கலாம் தம்பி" என்ற வாய்வார்த்தையை நம்பி ஒருவர் டிக்கெட் எடுத்தார். பொங்கலன்று அவர் அலுவலகத்தில்தான் இருந்தார்.