ராமானுஜன் எஃப்.ஆர்.எஸ். ஆனது எந்த நாளில்?

சீனிவாச ராமானுஜன் லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தேர்வானது 1918 பிப்ரவரியில் என்று சில நூல்கள் சொல்கின்றன. மே மாதம் என்று வேறு சில. இரண்டு மாதங்களிலும் உண்மையாகவே ஏதோ நடந்திருப்பதால்தான் இந்தக் குழப்பம் நீடிக்கிறது.

அக்காலத்தில் ஒருவர் ஃபெல்லோ ஆவதற்குப் பல மாதங்கள் பிடிக்கும். முதலில் அவரை முன்மொழியும் சான்றிதழ் ஒன்று எழுதப்படும். அவருடைய ஆய்வின் சுருக்கம் அதில் இருக்கும். அவரை நேரில் அறிந்தவர்களும், ஆய்வின் வழியாக மட்டும் அறிந்தவர்களும் தனித்தனியே கையெழுத்திடுவார்கள். ராமானுஜனுக்கு 1917 டிசம்பரில் அப்படி முன்மொழிந்தவர்களில் ஹார்டி, லிட்டில்வுட், மக்மஹோன் ஆகியோர் உண்டு. வந்து சேர்ந்த பெயர்களிலிருந்து சங்கத்தின் ஆட்சிக்குழு 15 பேரைப் பொறுக்கி எடுத்துப் பரிந்துரைக்கும். ராமானுஜனுக்குப் பிப்ரவரியில் கிடைத்த நற்செய்தி இதுதான். பரிந்துரைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் தேர்வாகிவிடுவார்கள் என்பதால், அப்போதே எல்லாம் முடிந்ததுபோல் நண்பர்கள் மகிழ்ந்ததில் வியப்பில்லை. ஆனால் உறுப்பினர்கள் கூடி வாக்களித்தது 1918 மே 2 அன்று. சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் தேர்வு நாளாக இருப்பதும் அதுவே.

பிப்ரவரிக் குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அம்மாதம் 18ஆம் தேதி அவர் கேம்பிரிட்ஜ் தத்துவச் சங்கத்தின் ஃபெல்லோ ஆனார்; அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியும் அவரை ஃபெல்லோவாகத் தேர்ந்தெடுத்தது. ஆக ஒரே ஆண்டில் மூன்று இடங்களில் அதே பட்டம். “1918இல் ஃபெல்லோ ஆனார்” என்று மொட்டையாக எழுதியிருந்தால், எந்த அமைப்பு என்று கேட்காமல் தேதியை எடுத்தாளக் கூடாது.

தேர்வு நாளையும் சேர்க்கை நாளையும் ஒன்றெனக் கொள்வது இன்னொரு பிழை. தேர்வானவர் சங்கத்துக்கு நேரில் வந்து, 17ஆம் நூற்றாண்டு முதல் தொடரும் சாசனப் புத்தகத்தில் கையெழுத்திடுவது வழக்கம். அது தேர்வுக்குப் பின் வேறொரு நாளில் நடக்கும். பழைய பெயர்களில் ஆண்டே மாறிவிடும். ஐசக் நியூட்டன் தேர்வானது ஒரு ஜனவரி 11. அன்றைய இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25இல்தான் தொடங்கியதால், அவர்கள் கணக்கில் அது 1671; நம் கணக்கில் 1672.

ராமானுஜன்தான் முதல் இந்திய ஃபெல்லோ என்ற கூற்றையும் பட்டியல் மறுக்கிறது. பம்பாயின் கப்பல் கட்டுநர், பொறியாளர் அர்தசீர் கர்செட்ஜி தேர்வானது 1841 மே 27 அன்று. ராமானுஜன் பிறப்பதற்கு 46 ஆண்டுகளுக்கு முன்பு. இன்று அவரை வாடியா என்ற குடும்பப் பெயருடன் சேர்த்தே பலரும் எழுதுகிறார்கள். பழைய பட்டியலில் தேடுபவர் கர்செட்ஜி என்ற பெயரிலும் பார்க்க வேண்டும்.