குடைக்கம்பியும் குடைத்துணியும்: காற்று மழைக்கு ஏற்றவை

குடையின் விரிந்த துணியைத் தாங்கும் வளைந்த குச்சிகள் குடைக்கம்பிகள் எனப்படும். பெரும்பாலான குடைகளில் 8 கம்பிகள் இருக்கும். ஒவ்வொரு கம்பியையும் அதன் நடுப்பகுதியில் ஒரு துணைக்கம்பி தாங்குகிறது. துணைக்கம்பியின் மறுமுனை, காம்பின் மேல் ஏறி இறங்கும் வளையத்துடன் இணைந்திருக்கும். இக்கம்பிகள் எஃகாலோ கண்ணாடியிழையாலோ (ஃபைபர் கிளாஸ்) செய்யப்படுகின்றன. காற்றுடன் கூடிய மழையில் ஒரு குடை பிழைக்குமா, முறியுமா என்பதைக் கம்பியின் பொருளும், துணியின் இறுக்கமும், துணியின் மேலுள்ள பூச்சும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

அதியமான்கோட்டையின் காற்று

அதியமான்கோட்டை, தருமபுரி நகருக்குத் தெற்கே, சேலம் செல்லும் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த ஊர். தருமபுரி மாவட்டம் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டிலும் மழை பெறுகிறது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை மிகுதி. உள்மாவட்டமாகிய இங்கு மழை பெரும்பாலும் பிற்பகல் வெயிலுக்குப் பின் மாலையில் இடியுடன் வருகிறது.

இடிமேகத்திலிருந்து மழைத்துளிகள் விழும்போது, அவற்றுடன் குளிர்ந்த காற்றும் கீழே இறங்குகிறது. அது தரையில் மோதி நாற்புறமும் பரவுகிறது. இதனால் மழைக்குச் சில நிமிடங்கள் முன்பே புழுதியுடன் பலத்த காற்று வீசும். இந்தக் காற்று சீராக வீசுவதில்லை; விட்டுவிட்டு, திசை மாறி மாறி மோதும். நெடுஞ்சாலை ஓரத்தில் பேருந்துக்குக் காத்திருப்பவருக்கு, கடந்து செல்லும் சரக்குந்துகள் எழுப்பும் காற்றும் இதனுடன் சேரும். ஆகவே இங்குள்ள குடைக்கு வரும் சோதனை நெடுநேரம் நீடிக்கும் அழுத்தம் அன்று. சில நொடிகளே நீடிக்கும் திடீர் மோதல்.

காற்று தள்ளும் விசை

காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். விரித்த நிலையில் 1 மீட்டர் விட்டமுள்ள ஒரு குடையை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு ஏறக்குறைய 0.79 சதுர மீட்டர். மணிக்கு 25 கி.மீ. வேகக் காற்று நேராக மோதினால், அழுத்தத்தைப் பரப்பால் பெருக்கக் கிடைக்கும் விசை சுமார் 2.3 கிலோ எடைக்குச் சமம். இதை ஒரு கையால் தாங்கலாம். காற்று 50 கி.மீ. வேகத்தை எட்டினால் அதே விசை 9 கிலோவைத் தாண்டும். குடையின் குழிந்த உட்புறத்தில் காற்று புகுந்தால் விசை இதைவிடவும் கூடும்.

காற்றின் வேகத்தை வகைப்படுத்தும் போஃபோர்ட் அளவுகோலில் 6-ஆம் நிலை மணிக்கு 39 முதல் 49 கி.மீ. வரையிலான வேகத்தைக் குறிக்கும். அந்நிலையின் அடையாளங்களுள் ஒன்றாகக் கூறப்படுவது, குடை பிடிப்பது கடினமாதல் என்பதே.

காற்று அடியிலிருந்து புகும்போது துணி மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. கம்பியின் நடுவைத் துணைக்கம்பி பிடித்திருப்பதால், வெளிப்பாதி மட்டும் மேல்நோக்கி வளைகிறது. வளைவு மிகுதியாவது துணைக்கம்பி சேரும் இடத்தில். பழுதான குடைகளில் கம்பி பெரும்பாலும் அந்த இடத்திலேயே மடிந்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

எஃகுக் கம்பி

தொடக்கக் காலத்தில் ஐரோப்பாவில் திமிங்கிலத்தின் வாயிலுள்ள தகடுகளாலும் பிரம்பாலும் குடைக்கம்பிகள் செய்யப்பட்டன. 1852-இல் இங்கிலாந்தின் ஸ்டாக்ஸ்பிரிட்ஜைச் சேர்ந்த சாமுவேல் ஃபாக்ஸ் வாய்க்கால் வடிவ எஃகுக் கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். அதன் குறுக்குவெட்டு ஆங்கில எழுத்து 'யு' போன்றது. குறைந்த எஃகில் மிகுந்த விறைப்பு கிடைப்பதால் இவ்வடிவம் இன்றும் வழக்கில் உள்ளது.

எஃகின் வலிமை அதன் விறைப்பு. மிதமான காற்றில் எஃகுக் குடை ஆடாமல் வடிவத்தைக் காக்கும். ஆனால் எஃகு தன் நீளத்தில் நூற்றில் அரைப் பங்கு அளவுக்குக்கூட நீளாமலே நிரந்தரமாக வளைந்துவிடும். 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுக் கம்பியை, அதன் வகையைப் பொறுத்து, 30 முதல் 50 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தைவிடச் சிறிய வட்டமாக வளைத்தால் அது பழைய நிலைக்குத் திரும்பாது. குடை கவிழும்போது ஏற்படும் வளைவு இதைவிடக் கூர்மையானது.

வாய்க்கால் வடிவக் கம்பிக்கு இன்னொரு குறையும் உண்டு. மிகுதியாக வளையும்போது வாய்க்காலின் இரு சுவர்களும் விரிந்தோ நசுங்கியோ தட்டையாகிவிடும். விறைப்பைத் தந்த உயரமே இல்லாமல் போவதால் அந்த இடம் கீல்போல மடியும். அதைக் கையால் நிமிர்த்தினாலும் சுவர்கள் பழைய வடிவத்துக்கு வருவதில்லை. அடுத்த காற்றில் அதே இடத்தில் மீண்டும் மடியும்.

துரு எஃகின் இரண்டாவது பகை. துத்தநாகம் அல்லது நிக்கல் முலாமோ கறுப்பு வண்ணமோ பூசி எஃகுக் கம்பியைக் காக்கிறார்கள். இணைப்புகளில் உலோகம் உலோகத்தோடு உரசுவதால் பூச்சு முதலில் தேய்வது அங்கேதான். மிகுதியாக வளையும் இடமும் அதுவே என்பதால், துருவும் விசையும் ஒரே புள்ளியில் சேர்கின்றன.

கண்ணாடியிழைக் கம்பி

நீளவாக்கில் அடுக்கிய மெல்லிய கண்ணாடி இழைகளைப் பிசினால் பிணைத்து இக்கம்பி செய்யப்படுகிறது. இதன் விறைப்பு எஃகின் விறைப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அடர்த்தி நான்கில் ஒரு பங்கு. ஆனால் முறியும் முன் நூற்றில் இரண்டு பங்கு வரை நீளக்கூடியது. 3 மில்லிமீட்டர் கம்பி ஏறக்குறைய 7.5 சென்டிமீட்டர் ஆரம் வரை வளைந்த பிறகே முறியும் எல்லையைத் தொடும். பாதுகாப்புக்காக அதை இரட்டித்து 15 சென்டிமீட்டர் எனக் கொண்டாலும், எஃகைவிட மிகக் கூர்மையான வளைவை இது தாங்கும். அந்த எல்லைக்குள் வளைந்த கம்பி முழுமையாக நிமிர்ந்துவிடும். துருவும் பிடிக்காது.

இதற்கு விலை உண்டு. ஒரே தடிமனில் கண்ணாடியிழைக் கம்பி எளிதில் வளைவதால் மிதமான காற்றிலும் குடை ஆடும். எஃகுக் குச்சியின் விறைப்பைப் பெற, 3 மில்லிமீட்டருக்குப் பதில் 4.5 மில்லிமீட்டர் தடிமன் தேவை. அவ்வளவு தடித்தும் அதன் எடை எஃகுக் குச்சியின் எடையில் பாதியைச் சற்றே தாண்டும்.

இது முறியும் விதமும் வேறு. எஃகு மடியும், கண்ணாடியிழை நீளவாக்கில் பிளந்து நாராகும். பிளந்த கம்பியைத் தடவினால் கண்ணுக்கு எளிதில் தெரியாத சிலாம்புகள் விரலில் ஏறும். வெயிலில் பிசின் நாட்பட நைவதாலும் கம்பியின் மேற்பரப்பு வெளுத்து இழைகள் தெரியத் தொடங்கும். அப்படித் தெரிந்தால் அக்கம்பியை மாற்றுவதே தக்கது.

துணியும் அதன் இறுக்கமும்

கம்பியை வில்லாகக் கொண்டால் துணி அதன் நாண் போன்றது. துணி இழுத்துப் பிடிப்பதால்தான் கம்பி வளைந்து நிற்கிறது. துணி தளர்ந்தால் காற்று அதைப் பையாக உப்ப வைத்துக் கம்பியை உலுக்கும்.

இக்காலக் குடைத்துணி பெரும்பாலும் நைலான் அல்லது பாலியெஸ்டர். நைலான் ஈரத்தை ஓரளவு உறிஞ்சும். நனைந்ததும் சற்றே நீண்டு தொய்யும். பாலியெஸ்டர் மிகக் குறைவாகவே உறிஞ்சுவதால் மழையிலும் இறுக்கம் குறையாது. வெயிலையும் நைலானைவிட நன்கு தாங்கும். துணியின் மேல் '190T' என்று குறித்திருந்தால், ஒரு சதுர அங்குலத்தில் நெடுக்கும் குறுக்குமாக மொத்தம் 190 நூல்கள் உள்ளன என்று பொருள். எண் கூடினால் நெசவு நெருக்கமாகும்.

பூச்சுகள்

குடைத்துணியில் இரு வகைப் பூச்சுகள் உள்ளன. அவற்றின் பணி வேறு வேறு. வெளிப்புறத்தில் இடப்படும் நீர்விலக்கிப் பூச்சு ஒவ்வொரு நூலையும் மூடி, நீரை முத்தாக உருளச் செய்கிறது. நூல்களுக்கு இடையிலுள்ள துளைகளை அது அடைப்பதில்லை. ஆகவே இப்பூச்சு மட்டுமே உள்ள துணியில், பெரிய துளிகள் வேகமாக மோதும்போது நுண்சாரலாக உள்ளே தெறிக்கும். உட்புறத்தில் இடப்படும் பாலியூரித்தேன் அல்லது அக்ரிலிக் படலம் துளைகளை அடைத்து அதைத் தடுக்கிறது. வெள்ளி நிறப் பூச்சு என்பது அலுமினியத்தூள் கலந்த இத்தகைய படலமே. அது வெயிலையும் தடுக்கும்.

படலமிட்ட துணி நீருடன் காற்றையும் தடுக்கிறது. எனவே காற்றின் முழு விசையும் கம்பிக்குச் செல்கிறது. உச்சியில் திறப்பு விட்டு, அதன்மேல் இரண்டாவது துணியைக் கூரையாகத் தைத்த குடைகள் இச்சிக்கலுக்குத் தீர்வாக வந்தவை. அடியில் புகும் காற்றின் ஒரு பகுதி அத்திறப்பு வழியாக வெளியேறிவிடும்.

பாலியூரித்தேன் படலம் நெடுநாள் ஈரத்தில் சிதையும். நனைந்த குடையை மடித்துப் பைக்குள் வைத்திருந்தால் நாளடைவில் உட்புறம் பிசுபிசுத்துத் தோலாக உரியும். குடையை விரித்து நிழலில் உலர்த்துவது படலத்தையும் எஃகு இணைப்புகளையும் ஒருங்கே காக்கும்.

வாங்கும்போது சோதிக்கும் முறை

கறுப்பு வண்ணம் பூசிய எஃகும் கண்ணாடியிழையும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். சிறு காந்தத்தைக் கம்பியின் நெடுக நகர்த்தினால் எஃகு ஒட்டும், கண்ணாடியிழை ஒட்டாது. ஒட்டாத கம்பி பளபளக்கும் உலோகமாக இருந்தால் அது அலுமினியமாக இருக்கலாம். மூன்றாக மடியும் குடைகள் பலவற்றில் வெளித்துண்டு மட்டுமே கண்ணாடியிழை. உள்துண்டுகளும் துணைக்கம்பிகளும் உலோகம். அத்தகைய குடை கவிழ்ந்தால் உலோகத் துண்டோ இணைப்போ முதலில் பழுதாகும். மடிப்பில்லா நீண்ட குடையில் இணைப்புகள் குறைவு என்பதால் அது காற்றை நன்கு தாங்கும்.

குடையை விரித்துத் துணியை விரலால் சுண்டினால், இறுக்கமான துணி மேளம்போல் அதிரும். ஒரு கரண்டி நீரை ஊற்றினால், நல்ல வெளிப்பூச்சில் அது உருண்டோடும். பூச்சு தேய்ந்திருந்தால் நனைந்து கருமையாகப் பரவும்.

திடீர்க் காற்றே மிகுதியான அதியமான்கோட்டை போன்ற ஊர்களுக்கு, கண்ணாடியிழைக் கம்பியும் இறுக்கமான பாலியெஸ்டர் துணியும் உச்சித் திறப்பும் உடைய நீண்ட குடை ஏற்றது. அது கவிழாது என்பதல்ல. கவிழ்ந்தாலும் வளையத்தைக் கீழே இழுத்து மடக்கினால் பழைய வடிவத்துக்குத் திரும்பும் வாய்ப்பு மிகுதி.

எந்தக் கம்பியாலும் இயலாதவை

இருசக்கர வாகனத்தின் பின்னால் அமர்ந்து குடை விரிப்பது எவ்வகைக் குடையிலும் ஆபத்தானது. வண்டி 40 கி.மீ. வேகத்தில் செல்ல, எதிரே 30 கி.மீ. வேகக் காற்று வீசினால் குடைக்கு அது 70 கி.மீ. காற்று. முன் கண்ட 1 மீட்டர் குடையை அது நேராகத் தாக்கினால், பின்னிழுக்கும் விசை சுமார் 18 கிலோ எடைக்குச் சமம். கம்பி முறிந்தால் குடை மட்டும் போகும். முறியாத வலிய கம்பியோ பிடித்திருப்பவரையே இழுத்துத் தள்ளும். கண்ணாடியிழை மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் இடியிலிருந்து காக்கும் என்று எண்ணுவதும் தவறு. மின்னும்போது வெட்டவெளியில் குடையுடன் நிற்காமல் கட்டடத்துக்குள் செல்வதே பாதுகாப்பு.