கேமரா அளக்கவில்லை, கணிக்கிறது

ரிவர்ஸ் கியர் போட்டதும் இரண்டு கருவிகள் வேலையைத் தொடங்குகின்றன. பம்பரிலுள்ள சென்சார் தூரத்தை அளக்கிறது. திரையில் கோடு காட்டும் சாதாரண கேமரா அளப்பதில்லை. இந்த வித்தியாசம் தெரியாததால் இடித்துக்கொள்பவர்கள் உண்டு.

இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் தயாரான கார்களில் பின்பக்க சென்சார் கட்டாயம். பம்பரில் ரூபாய் நாணயம் அளவுக்குத் தெரியும் வட்டம்தான் அது. உள்ளேயிருக்கும் பீங்கான் வில்லை மின்துடிப்பு பட்டதும் அதிர்ந்து, நம் காதுக்கு எட்டாத ஒலியை அனுப்புகிறது. பிறகு எதிரொலிக்காகக் காத்திருக்கிறது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகும். சுவர் ஒரு மீட்டர் தள்ளி இருந்தால், போய்த் திரும்ப நொடியில் ஆயிரத்தில் ஆறு பங்குக்குச் சற்றுக் குறைவான நேரம் ஆகும். அந்த நேரத்திலிருந்து தூரம் கணக்காகிறது.

எதிரொலி திரும்பி வந்தால்தான் இது நடக்கும். சாய்வான பரப்பு ஒலியை வேறு பக்கம் திருப்பிவிடும், துணி விழுங்கிவிடும், தாழ்வான கல்லுக்கு மேலாக ஒலி கடந்து போய்விடும். மிக அருகே வந்துவிட்டாலும் சிக்கல்தான்: வில்லையின் சொந்த அதிர்வு அடங்குவதற்குள் எதிரொலி வந்து அதோடு கலந்துவிடும். அதனால்தான் சுமார் 30 செ.மீ. நெருங்கியதுமே பல கார்களில் 'பீப்' இடைவிடாமல் ஒலிக்கிறது. அதற்குப் பிறகு எத்தனை செ.மீ. மிச்சம் என்று சென்சாரிடம் எதிர்பார்க்கக் கூடாது.

கேமராவின் கதை வேறு. அது எந்த உயரத்தில், எந்தச் சாய்வில் பொருத்தப்பட்டிருக்கிறது என்பது தெரியும். எனவே தரையில் ஒரு மீட்டரில் உள்ள புள்ளி திரையில் எங்கே விழும் என்று முன்பே கணக்கிட்டுக் கோடு போட்டுவிடுகிறார்கள். பின்னால் தரை சமமாக இருக்கிறது, பொருள் தரையில்தான் நிற்கிறது என்பது அந்தக் கணக்கின் அனுமானம்.

அனுமானம் பொய்த்தால் என்ன ஆகும்? கேமரா ஒரு மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். பின்னால் நிற்கும் டிராக்டர் டிரெய்லரின் பலகை விளிம்பு தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்தில், கேமராவிலிருந்து அரை மீட்டரில் நீட்டிக்கொண்டிருக்கிறது. விளிம்பைத் தொட்டுப் போகும் பார்வைக்கோடு அரை மீட்டரில் 25 செ.மீ. இறங்குகிறது, அதே சரிவில் தொடர்ந்தால் தரையைத் தொடுவது இரண்டு மீட்டரில். ஆக, அரை மீட்டரில் உள்ள பலகை திரையில் இரண்டு மீட்டர் கோட்டில் தெரியும். பின்னால் தரை மேடாக ஏறினாலும் பொருள்கள் இப்படித்தான் தள்ளித் தெரியும்.

சொந்தக் காரின் கோடுகளைச் சோதிக்க, சமதரையில் பம்பரிலிருந்து ஒரு மீட்டரை டேப்பால் அளந்து ஒரு செங்கல்லை வைத்து, எந்தக் கோட்டில் தெரிகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். பின்சீட்டு நிறைய ஆட்களும் டிக்கி நிறையச் சாமானும் ஏற்றிவிட்டு இன்னொரு முறை பார்க்க வேண்டும். காரின் பின்பக்கம் அமுங்குவதால், அதே செங்கல் திரையில் சற்று மேலேறி, தள்ளி இருப்பதுபோலத் தெரியும்.