குரல்நாண் நிலை மாறினால் சொல்லும் மாறும்

கழுத்தின் முன்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் குரல்வளைக்குள் இரண்டு தசை மடிப்புகள் முன்னிருந்து பின்னாகக் கிடக்கின்றன. இவையே குரல்நாண்கள். வளர்ந்த ஆணுக்கு இவற்றின் நீளம் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர். பெண்ணுக்குச் சற்றுக் குறைவு. நாண்களின் முன்முனைகள் ஒரே இடத்தில் பொருந்தியிருக்கும். பின்முனைகள் இரண்டு சிறு குருத்தெலும்புகளோடு ஒட்டியிருக்கும். அந்தக் குருத்தெலும்புகள் விலகினால் நாண்களுக்கு நடுவே வழி திறக்கும், நெருங்கினால் அடையும். ஒரே உயிரொலியைப் பல தினுசாக ஒலிக்கச் செய்வது இந்தச் சிறு அசைவுதான்.

சாதாரணப் பேச்சில் நாண்கள் இறுக்கமில்லாமல் ஒன்றையொன்று தொட்டபடி இருக்கும். நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றைத் தள்ளித் திறக்கும். அடுத்த நொடித்துணுக்கில் அவை மறுபடி மூடிக்கொள்ளும். ஆண் குரலில் இது நொடிக்குச் சுமார் 100 முதல் 120 தடவையும், பெண் குரலில் சுமார் 200 தடவையும் நடக்கும். திறப்பும் மூடலும் சீரான இடைவெளியில் நிகழும். ஒவ்வொரு சுற்றிலும் வழி முழுதாக அடைபடும் கணம் ஒன்று இருக்கும். இதை இயல்குரல் எனலாம். நாண்களின் மற்ற மூன்று நிலைகளையும் இதிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று பார்த்தே புரிந்துகொள்ள வேண்டும்.

பின்பக்கக் குருத்தெலும்புகள் சற்று விலகி நின்றால் நாண்கள் அதிரும், ஆனால் முழுதாக மூடா. இடுக்கு வழியே காற்று கசிந்துகொண்டே இருக்கும். ஒலியோடு மூச்சும் கலந்து வரும். இது மூச்சுக்குரல். குருத்தெலும்புகள் நெருக்கி அழுத்தினால் நிலைமை தலைகீழ். நாண்கள் குறுகித் தடித்து, நெடுநேரம் மூடியே இருந்து, நொடிக்கு 20 முதல் 70 தடவை மட்டும், அதுவும் ஒழுங்கில்லாமல், திறக்கும். துடிப்புகள் தனித்தனியே காதில் விழும். தூங்கி எழுந்ததும் வருகிற ‘ம்…’ பெரும்பாலும் இப்படிப்பட்ட கரகரப்புக் குரலே. நாண்கள் ஒட்டி அடைத்து அதிர்வே நின்றுபோனால் அது குரல்வளை அடைப்பு. கனமான மூட்டையைத் தூக்கும்போது மூச்சு தொண்டையில் நிற்பதும், இருமலுக்கு முந்தைய கணமும் இதே அடைப்புதான். நாக்குக்கும் உதட்டுக்கும் இதில் வேலையே இல்லை.

தமிழர் பேச்சில் இந்த நான்கும் உண்டு. ‘மகன்’ என்பதை ‘மஹன்’ போலச் சொல்லும்போது நடுவில் வருவது நாண்கள் அதிர்ந்தபடியே மூச்சு கசியும் ஒலி. வாக்கியம் முடியும் இடத்தில் குரல் தாழ்ந்து கரகரப்பதும் வழக்கம். கோபத்தில் ‘அடேய்!’ என்று வெடிக்கும்போது அகரத்துக்கு முன்னால் ஓர் அடைப்பு விழும். ஆனால் இவற்றால் தமிழில் சொல் மாறுவதில்லை. ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர்க்காரர் பேசினாலும் சென்னைக்காரர் பேசினாலும், ‘படம்’ என்பதைக் கரகரத்துச் சொன்னாலும் மூச்சுவிட்டுச் சொன்னாலும் அது படமே. பேசுபவரின் களைப்போ சலிப்போ வயதோ தெரியும், அவ்வளவுதான்.

பர்மிய மொழியில் அப்படி விட்டுவிட முடியாது. 1962 ராணுவப் புரட்சிக்குப் பின் ரங்கூனிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் தமிழகம் திரும்பிய குடும்பங்களின் பெரியவர்கள் பலருக்கு இந்த மொழி பழக்கமானது. ககரத்தோடு மூச்சு சேர்ந்த ‘க்ஹா’ என்ற ஓர் அசையை எடுத்துக்கொள்ளலாம். தாழ்ந்த சுருதியில் இயல்குரலில் நீட்டினால் ‘குலுக்கு’ என்று பொருள். சுருதியை உயர்த்தி, சற்றே மூச்சு கலந்து நீட்டினால் ‘கசப்பாக இரு’. குறுக்கி, இறுதியில் தொண்டையை நெருக்கிக் கரகரக்க வைத்தால் ‘பணிவிடை செய்’. இன்னும் குறுக்கி வெடுக்கென்று அடைத்தால் ‘அடி’.

பர்மியப் பாடநூல்கள் இவற்றை நான்கு சுரங்கள் என்று சொல்லும். சுரம் என்றதும் சுருதியின் ஏற்ற இறக்கம் மட்டுமே நினைவுக்கு வருவதால் இந்தப் பெயர் புதிதாகப் படிப்பவரைக் கொஞ்சம் ஏமாற்றும். சுருதி, நீளம், குரலின் தன்மை மூன்றும் சேர்ந்தே சொல்லைப் பிரிக்கின்றன. இரண்டாவதில் வரும் மூச்சு எல்லோரிடமும் ஒரே அளவில் இருப்பதில்லை. கரகரப்பும் அடைப்புமே பிடிபட எளியவை. நான்காவது வகைச் சொற்கள் ஒரு காலத்தில் க், த், ப் போன்ற மெய்களில் முடிந்தவை. எழுத்தில் அந்த மெய்கள் இன்றும் இருக்கின்றன. வாயில் எல்லாம் ஒரே அடைப்பாகிவிட்டன. பின்னால் ஒரு மெய் நெருங்கி வந்தால் அந்த அடைப்பும் தேய்ந்து, வருகிற மெய் இரட்டித்து ஒலிக்கும். ஒற்று மிகும் மொழியைப் பேசுகிறவர்களுக்கு இது மட்டும் சிரமமாக இராது.

மூச்சுக்குரலுக்குத் தெளிவான சான்று குஜராத்தி. அங்கே ‘பார்’ (ப ஒலிப்புடையது) என்பதை இயல்குரலில் சொன்னால் பன்னிரண்டு. அதே உயிரை மூச்சு கலந்து சொன்னால் ‘வெளியே’. இரண்டாவது சொல்லின் எழுத்து வடிவம் ‘பஹார்’. நடுவிலிருந்த ஹகரம் தனி ஒலியாக நிற்காமல் உயிருக்குள் கரைந்துவிட்டது. ‘கான்’ என்றால் காது. அதை மூச்சோடு சொன்னால் கண்ணன். நிறுத்தி, எழுத்தைப் பார்த்துப் படிக்கும்போது பலரிடம் ஹகரம் திரும்பிவிடும். அதனால் இதைப் பதிவு செய்ய இயல்பான பேச்சே ஏற்றது. டென்மார்க்கின் ஒலியியலாளர் எலி ஃபிஷர்-யோர்கென்சன் 1967-இல் வெளியிட்ட ஆய்வு இந்த உயிர்களைக் கருவிகொண்டு அளந்தது.

அளக்கும் முறை எளியது. ஒரு பெண்ணின் குரல் நொடிக்கு 200 அதிர்வு என்றால் அந்த ஒலிக்குள் 200, 400, 600 என்று அடுக்கடுக்காக அதிர்வெண்கள் இருக்கும். முதலாவதன் வலிமையையும் இரண்டாவதன் வலிமையையும் ஒப்பிட வேண்டும். மூச்சுக்குரலில் முதலாவது ஓங்கி நிற்கும். கரகரப்பில் இரண்டாவது அதை முந்தப் பார்க்கும். நாண்கள் எவ்வளவு நேரம் திறந்திருக்கின்றன என்பதன் தடயம் இது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான Praat என்ற இலவச மென்பொருளில் யாரும் செய்து பார்க்கலாம்.

தவறும் இடங்கள் இரண்டு. இகரத்தில் வாயறையின் முதல் ஒத்ததிர்வு சுமார் 300-இல் விழுவதால் அதுவே கீழ் அதிர்வெண்களைத் தூக்கிவிடும். மூச்சே இல்லாத இகரமும் அளவில் மூச்சுக்குரல் போலத் தெரியும். ஆகாரத்தில் அது 700-க்கு மேல் என்பதால் ‘பார்’, ‘கான்’ போன்ற சொற்களே சோதனைக்கு உகந்தவை. மற்றொன்று கரகரப்பைப் பற்றியது. அந்த மென்பொருள் சுருதி தேடும்போது 75-க்குக் கீழே பார்க்காதபடி முன்கூட்டியே அமைந்திருந்தால், 40 துடிப்பில் ஓடும் குரலின் சுருதிக்கோடு திடீரென்று அறுந்துபோகும், அல்லது இரு மடங்காகக் குதிக்கும். புதியவர் இதை அடைப்பு என்று குறித்துவிடுவார். ஒலி அலையை நேரே பார்த்தால் உண்மை தெரியும்: கரகரப்பில் இடைவெளிவிட்டுத் துடிப்புகள் நிற்கும், அடைப்பில் கோடு தட்டையாகக் கிடக்கும்.

தமிழ்நாட்டிலேயே இந்த மூச்சைச் சொல்லில் காக்கும் மொழி ஒன்று இருக்கிறது. மதுரை, சேலம், கும்பகோணம் ஊர்களின் நெசவுக் குடும்பங்கள் பேசும் சௌராஷ்டிரம், குஜராத்தியோடு உறவுடையது. அதில் ம, ந, ர, ல ஆகிய ஒலிகளும் மூச்சு கலந்த வடிவில் வரும். தமிழ் எழுத்தில் இதற்கென்று தனி எழுத்து இல்லை. சௌராஷ்டிர எழுத்தில் இதற்கென்றே ‘ஹாரு’ என்ற குறி உண்டு. யூனிகோடின் 2008-ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்தக் குறிக்கு U+A8B4 என்ற இடம் ஒதுக்கப்பட்டது.