பி.எம்.பி. காலாவதியானால்…

டெண்டருக்கான ஆவணங்களைச் சேர்க்கும்போதுதான் நண்பருக்கு விஷயம் தெரிந்தது. "சார், உங்க பி.எம்.பி. நகல் அனுப்புங்க" என்று அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள். கணக்கைத் திறந்தால், சான்றிதழின் நிலை 'சஸ்பெண்டட்'. காலக்கெடு 2024 ஜூன் 13. அவர் பார்த்ததோ அக்டோபரில்.

பயந்துபோய், "மறுபடி பரீட்சை எழுதணுமா?" என்று கேட்டார். இல்லை. பி.எம்.பி. தேர்வை நடத்தும் பி.எம்.ஐ. நிறுவனம், மூன்றாண்டு முடிந்ததும் சான்றிதழை அடியோடு ரத்து செய்துவிடுவதில்லை, ஓராண்டு நிறுத்திவைக்கிறது. அதற்குள் விட்டதை முடித்துவிடலாம். அந்த ஓராண்டும் போனால்தான் புதிதாக விண்ணப்பம், கட்டணம், தேர்வு எல்லாம்.

புதுப்பிக்க மூன்றாண்டில் 60 பி.டி.யு. வேண்டும். ஒரு மணி நேரப் படிப்போ பணியோ ஒரு பி.டி.யு. நண்பரிடம் 38 இருந்தன. 'இன்னும் 22 மணி நேரம் ஏதாவது வெபினார் பார்த்தால் போதும்' என்று அவர் நினைத்தார். பலரும் சறுக்குவது இங்கேதான். குறைந்தது 35 புள்ளிகள் படிப்பிலிருந்து வர வேண்டும். அதிலும் திட்டச் செயல்முறை, மனிதர்களைக் கையாளும் திறன், வணிக அறிவு ஆகிய மூன்று பிரிவுக்கும் தலா எட்டாவது வேண்டும். அவருடைய 38-இல் எட்டு, வேலை பார்த்ததற்கானவை. மீதி 30 படிப்பு. அதில் 24 செயல்முறை, ஐந்து வணிகம், ஒன்றே ஒன்று மனிதத் திறன். ஆக, முதலில் ஏழு மணி நேரம் மனிதத் திறனுக்கும் மூன்று மணி நேரம் வணிகத்துக்கும் போயாக வேண்டும். மிச்சம் 12-இல் ஆறு, அலுவலகத்து இளையவர்களுக்கு அவர் நடத்திய வகுப்புகளால் வந்தன. மீதியும் படிப்புதான்.

ஒவ்வொன்றையும் ccrs.pmi.org தளத்தில் பதிந்தார். சான்றுகளை மெயிலில் தனி ஃபோல்டரில் போட்டுவைக்கச் சொன்னேன். சிலரைத் தணிக்கைக்கு எடுப்பார்கள். பி.டி.யு. நிறைந்தாலே புதுப்பித்ததாகிவிடாது, கட்டணமும் கட்ட வேண்டும். 'அறுபது வந்துடுச்சு' என்று நிம்மதியாக இருந்து, அதைக் கட்ட மறந்து கோட்டைவிடுபவர்கள் உண்டு.

நிறுத்திவைத்திருக்கும் காலத்தில் பெயருக்குப் பின்னால் பி.எம்.பி. என்று போடக் கூடாது. லிங்க்ட்இன், விசிட்டிங் கார்டு, மெயிலின் கடைசி வரி எல்லாவற்றிலிருந்தும் எடுத்தார். டெண்டரில் அவருக்குப் பதில் வேறொருவர் பெயர் போனது. அவருக்கு வருத்தம்தான், ஆனால் பொய்யான தகுதியைக் காட்டி மாட்டிக்கொள்வதற்கு இது எவ்வளவோ தேவலை.

டிசம்பர் முதல் வாரம் சான்றிதழ் உயிர்பெற்றது. புதிய காலக்கெடுவைப் பார்த்துவிட்டு மறுபடி போன் செய்தார். "2027 டிசம்பர்னு நினைச்சேன், ஜூன் 13-ன்னு போட்டிருக்கே?" மூன்றாண்டுக் கணக்கு பழைய தேதியிலிருந்தே ஓடுகிறது, தாமதித்த ஆறு மாதம் அவர் கையிலிருந்து போனதுதான். இப்போது பதிந்த 22-ம் பழைய கணக்குக்கே போய்விட்டதால், அடுத்த அறுபதைப் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும், இரண்டரை ஆண்டுக்குள்.