நலவாழ்வுக் கட்டுரைக்கு மதிப்பெண் இடுவது எப்படி?

நாளிதழில் வரும் மருத்துவச் செய்தி ஒன்றைப் படித்துவிட்டு, உட்கொண்டுவரும் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுவோர் உண்டு. செய்தி பொய்யாக இருக்க வேண்டியதில்லை. உண்மையான செய்தியே அரைகுறையாகச் சொல்லப்பட்டால் போதும். 1995ஆம் ஆண்டு பிரிட்டனில் அவ்வாறே நிகழ்ந்தது.

அவ்வாண்டு அக்டோபர் மாதம், மருந்துப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசுக் குழு ஓர் எச்சரிக்கை விடுத்தது. புதிய வகைக் கருத்தடை மாத்திரைகளால் இரத்தம் உறையும் ஆபத்து பழைய வகையைக் காட்டிலும் ஏறத்தாழ இரு மடங்கு என்பதே அதன் சாரம். செய்தி பரவியதும் பெண்கள் பலர் அஞ்சி மாத்திரையைக் கைவிட்டனர். அதன் விளைவாக, அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நிகழ்ந்தன என்று மதிப்பிடப்பட்டது. இரத்தம் உறையும் ஆபத்து மாத்திரையைவிடக் கருவுற்ற காலத்திலேயே மிகுதி என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

இச்செய்தியை ஒருவர் பின்வருமாறு எழுதியிருப்பதாகக் கொள்வோம். இது பயிற்சிக்காக நாமே அமைத்த பத்தி:

“மூன்றாம் தலைமுறைக் கருத்தடை மாத்திரைகள் ஆழ்சிரை இரத்த உறைவின் ஒப்பீட்டு அபாயத்தை 100 விழுக்காடு உயர்த்துகின்றன. எனவே இவற்றை உட்கொள்ளும் பெண்களுக்கு மாரடைப்பு நேரும் வாய்ப்பு இரு மடங்காகும்.”

இதற்கு மூன்று தலைப்புகளில், ஒவ்வொன்றுக்கும் பத்து என மதிப்பெண் இடுவோம்.

முதலாவது, துல்லியம். இரு மடங்கு என்பது சரியே. ஆனால் எதன் இரு மடங்கு? பழைய மாத்திரையை உட்கொண்ட ஏறத்தாழ 7,000 பெண்களில், ஓர் ஆண்டில், ஒருவருக்கு இரத்தம் உறைந்தது; புதிய மாத்திரையில் அவ்வெண் இரண்டாயிற்று. ஒன்று இரண்டானால் 100 விழுக்காடு உயர்வுதான். எனினும் 7,000 பேரில் கூடுதலாகப் பாதிக்கப்படுபவர் ஒருவரே. இந்த அடிப்படை எண்ணைக் கட்டுரை மறைத்துவிட்டது. இரண்டாம் வாக்கியமோ முற்றிலும் தவறு. காலின் ஆழத்தில் உள்ள சிரையில் உறையும் கட்டி நுரையீரலுக்குச் சென்று அடைக்கக்கூடும்; மாரடைப்பு என்பது இதயத்துக்கு இரத்தம் தரும் தமனியில் ஏற்படும் அடைப்பு. துல்லியத்துக்கு மூன்று மதிப்பெண் தரலாம்.

இரண்டாவது, தெளிவு. வாக்கியங்கள் குறுகியவை, வாசிக்கத் தடையில்லை. ஆனால் வாசித்து முடித்தவருக்கு ஆபத்து எவ்வளவு, எவ்வளவு காலத்தில், எதனுடன் ஒப்பிட்டு என்பவை விளங்கவில்லை. ஐந்து மதிப்பெண்.

மூன்றாவது, கலைச்சொல் தவிர்ப்பு. ‘ஒப்பீட்டு அபாயம்’, ‘ஆழ்சிரை’ ஆகியவை விளக்கமின்றி நிற்கின்றன. ‘மாரடைப்பு’ எவரும் அறிந்த சொல்தான். ஆயினும் அது வேறொரு நோயின் பெயர். எளிய சொல்லை நாடிப் பொருளை மாற்றிவிடுவது, கடினச் சொல்லை அப்படியே விட்டுவிடுவதைக் காட்டிலும் தீங்கானது. ஆகவே நான்கு மதிப்பெண்.

மொத்தம் முப்பதுக்குப் பன்னிரண்டு. ஆயினும் கூட்டுத்தொகையை மட்டும் நோக்கலாகாது. துல்லியத்தில் ஐந்துக்குக் கீழே சென்ற கட்டுரை, மற்ற இரண்டிலும் பத்து பெற்றாலும் தேறாது. தெளிவாகச் சொல்லப்பட்ட தவறு விரைவாக நம்பப்படும்.

அதே செய்தியை இவ்வாறு எழுதலாம்: “பழைய கருத்தடை மாத்திரையை உட்கொள்ளும் ஏறத்தாழ 7,000 பெண்களில் ஒருவருக்கு, ஓர் ஆண்டில், பெரும்பாலும் காலின் உட்புற இரத்தக்குழாயில் இரத்தம் உறைகிறது. புதிய மாத்திரையில் இது இருவருக்கு நேர்கிறது. அக்கட்டி நுரையீரலை அடைந்தால் உயிருக்கு ஆபத்தாகலாம். மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம்.” இதில் கலைச்சொல் ஏதுமில்லை, பொருளும் பிறழவில்லை.

இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. அடிப்படை எண் கூறப்பட்டுள்ளதா என்பதை வாசகர் தாமே காணலாம். அவ்வெண் சரியா என்பதையும், உங்கள் வயதுக்கும் நோய்க்கும் அது பொருந்துமா என்பதையும் மருத்துவரே கூற இயலும். ஆகவே “இரு மடங்கு”, “பாதியாகக் குறையும்” என்னும் சொற்களைக் கண்டால், அவற்றின் அருகில் “எத்தனை பேரில் எத்தனை பேருக்கு?” என்று எழுதி, அந்தத் தாளை அடுத்த முறை மருத்துவரைக் காண வரும்போது கொண்டுவாருங்கள். அதுவரை மருந்தைத் தொடருங்கள். மருந்து உட்கொள்ளும் காலத்தில் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சுத் திணறினாலோ காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.